சின்னம்மை விடுப்புக் கடிதத்தில் மூன்று தேதிகள்

பொங்கல் விடுமுறை முடிந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் எங்கள் பள்ளியில் சின்னம்மையும் தலைகாட்டிவிடும். முழுப்பரீட்சை வரைக்கும் எந்த வகுப்பிலாவது யாராவது படுத்திருப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வகுப்பாசிரியை. குணமாகித் திரும்பும் பிள்ளைகள் கொண்டுவரும் பெற்றோர் கடிதமும் டாக்டர் கொடுத்த ஃபிட்னஸ் சர்டிபிகேட்டும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். படித்துப் பார்த்து, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, கோப்பில் வைக்க வேண்டும்.

அந்தக் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும். ‘என் மகனுக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால் கடந்த சில நாட்களாகப் பள்ளிக்கு வர இயலவில்லை. தற்போது பூரண குணமடைந்துவிட்டான். ஆகவே அவனை வகுப்பில் அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பணிவு நிறைய இருக்கிறது, தகவல்தான் இல்லை. பையன் முகமெல்லாம் பொருக்கோடு எதிரில் நிற்பான், கடிதத்தில் அம்மை என்ற சொல்லே இருக்காது. ‘வைரல் காய்ச்சல்’ என்று மட்டும் எழுதிய டாக்டர் சீட்டு ஒன்று பின் அடித்து இணைத்திருக்கும்.

ஏன் மறைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மை என்று எழுதினால் இருபத்தொரு நாள் கழித்து வா என்று திருப்பி அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. சில வீடுகளில் ஆத்தா வந்திருப்பதை நோய் என்று தாளில் எழுதவே மனம் வராது. ஆனால் மறைப்பதால் முதலில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான். எப்படி என்று ஒரு குடும்பத்தின் கதையை வைத்துச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். அந்த அப்பா எழுதிய கடிதம்தான் நான் பார்த்தவற்றில் உருப்படியானது.

2025 பிப்ரவரி. அவருடைய மகள் என் வகுப்பு, மகன் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 3ஆம் தேதி திங்கள், 4 செவ்வாய், 5 புதன், மூன்று நாளும் அவள் வகுப்பில் இருந்தாள். புதன்கிழமை மதியம் கொஞ்சம் சோர்ந்து தெரிந்தாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் குளிப்பாட்டும்போது முதுகிலும் வயிற்றிலும் நாலைந்து முத்துகளை அம்மா பார்த்திருக்கிறார். இரவு காய்ச்சல். காலையில் தலைமுடிக்குள்ளும் முகத்திலும் முத்து போட்டுவிட்டது. வியாழக்கிழமை முதல் மணி அடிப்பதற்குள் அப்பா போன் செய்துவிட்டார்: “டீச்சர், பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு. நேத்து சாயந்தரம்தான் பாத்தோம். அனுப்பல.”

‘நேத்து சாயந்தரம்’ என்று அவர் சொன்னதுதான் எனக்கு வேண்டிய தகவல். சின்னம்மையில் மற்ற எல்லாக் கணக்கும் முத்து தெரிந்த நாளிலிருந்துதான் தொடங்கும்.

இந்த நோய் முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். மூச்சுக்காற்றிலும், பிறகு முத்துக்குள் இருக்கும் நீரிலும் கிருமி இருக்கிறது. எல்லா முத்தும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை அது பரவும். கிருமி இன்னொருவர் உடம்புக்குள் போனபின் அவருக்கு முத்து வெளியே தெரியப் பத்து முதல் இருபத்தொரு நாள் ஆகும். பெரும்பாலும் பதினான்கு முதல் பதினாறு நாள்.

இதை அந்தப் பெண்ணின் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். 5ஆம் தேதி முத்து. அப்படியென்றால் 3, 4, 5 மூன்று நாளும் பக்கத்து பெஞ்சுக்குப் பரவியிருக்கலாம். அந்த நாட்களில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு 13ஆம் தேதியிலிருந்து 26ஆம் தேதிக்குள் எப்போது வேண்டுமானாலும் முத்து தெரியலாம். அதிலும் 17 முதல் 21 வரைதான் அதிகம் எதிர்பார்க்க வேண்டிய நாட்கள். அவள் குணமாகி வகுப்புக்குத் திரும்பியது 17ஆம் தேதி!

நடந்ததும் அதுதான். அவள் வந்து உட்கார்ந்த மூன்றாம் நாள், 19ஆம் தேதி, வகுப்பில் இரண்டு பேருக்கு அம்மை. அன்று இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டுவிட்டார்: “முழுசா ஆறதுக்கு முன்னாடியே பிள்ளைய அனுப்பினா இப்படித்தான் ஆகும். ஸ்கூல் எப்படி விட்டாங்க?” கீழே நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். எங்கள் பள்ளியில் அநேகமாக வருடாவருடம் இந்தச் சண்டை வரும். திரும்பி வந்த பிள்ளையைப் பார்க்கிறார்கள், அடுத்த நாள் புது முத்தைப் பார்க்கிறார்கள், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். 19ஆம் தேதியிலிருந்து பதினான்கு, பதினாறு நாள் பின்னால் எண்ணினால் 5ஆம் தேதியும் 3ஆம் தேதியும் வரும். அது அவள் திரும்பி வந்ததால் பரவியது அல்ல, முத்து தெரிவதற்கு முன்பே பரவியது. இரண்டு நாளில் யாருக்கும் முத்து வராது.

இதைத் தலைமையாசிரியர் அந்தப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், கடிதத்தில் தேதிகள் இருந்தன. கடிதம் இதுதான். தனிப்பட்ட விவரங்களை மட்டும் எடுத்துவிட்டு, ஒன்றிரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறேன்.

அனுப்புநர்
(தந்தை பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்
(பள்ளி, ஊர்)

வழி: வகுப்பாசிரியர், ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

பொருள்: சின்னம்மை குணமான மகளை 17.02.2025 முதல் வகுப்பில் அனுமதிக்க வேண்டுதல் – மருத்துவச் சான்று இணைத்தல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகளுக்கு 05.02.2025 புதன் மாலை சின்னம்மை முத்துகள் தெரிந்தன. மறுநாள் காலையே வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். அன்று முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை.

09.02.2025-க்குப் பிறகு புதிய முத்துகள் வரவில்லை. 12.02.2025 அன்று எல்லா முத்துகளும் காய்ந்து பொருக்குக் கட்டிவிட்டன. 13.02.2025 அன்று மருத்துவர் நேரில் பரிசோதித்து, பள்ளிக்குச் செல்லலாம் எனச் சான்று அளித்துள்ளார். அசல் சான்று இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே 17.02.2025 திங்கள் முதல் அவளை வகுப்பில் அனுமதிக்கவும், 06.02.2025 முதல் 14.02.2025 வரையிலான நாட்களை மருத்துவ விடுப்பாகக் கருதவும் வேண்டுகிறேன்.

பொருக்குகள் முழுவதும் உதிர இன்னும் சில நாட்கள் ஆகும். இந்த வாரம் மட்டும் வெயிலில் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய தம்பி மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்கு இதுவரை அம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போடவில்லை. மார்ச் முதல் வாரம் வரை தினமும் காலையில் பார்த்துவிட்டே அனுப்புவோம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
நாள்: 15.02.2025
இணைப்பு: மருத்துவச் சான்று – 1

இதில் மூன்று தேதிகள் இருக்கின்றன. முத்து தெரிந்த நாள், எல்லாம் பொருக்கான நாள், டாக்டர் பார்த்த நாள். ‘பூரண குணம்’ என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பொருக்கு இன்னும் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் திங்கட்கிழமை காலை வாசலில் நின்ற பி.டி. சார் முகத்தைப் பார்த்துத் தயங்கியபோது, “கடிதத்துலயே இருக்கு சார்” என்று காட்டி உள்ளே அழைத்து வர முடிந்தது.

தம்பிக்கு ஏன் மார்ச் முதல் வாரம் வரை என்று கேட்டால், அவன் வீட்டிலேயே அக்காவோடு இருந்தவன். அவள் 12ஆம் தேதி வரை பரப்பக்கூடிய நிலையில் இருந்தாள். அதோடு இருபத்தொரு நாள் கூட்டினால் மார்ச் 5. இந்தக் கணக்கை டாக்டர்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இனி சான்றிதழுக்கு வருகிறேன். இதில்தான் கோளாறு அதிகம். 2002இல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள், சான்றிதழ் கொடுக்கும் டாக்டருக்குச் சில கடமைகளைச் சொல்கின்றன. கொடுத்த சான்றிதழ்களுக்குத் தனிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், ஒரு நகலைத் தானும் வைத்துக்கொள்ள வேண்டும், நோயாளியின் அங்க அடையாளம் ஒன்றாவது அதில் எழுத வேண்டும், தன் பதிவு எண்ணைப் போட வேண்டும். மச்சம், தழும்பு என்று எதற்கு எழுதுகிறார்கள் என்று பெற்றோர் சிரிப்பார்கள். அக்காவுக்கு வாங்கிய தாளைத் தங்கைக்கும் ஓட்டிவிடக் கூடாது என்பதற்குத்தான்.

பள்ளிக்கு அதைவிட முக்கியமானது, உள்ளே இருக்கும் ஒரு வரி. அந்தப் பெண்ணின் சான்றிதழில் டாக்டர் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இன்று பரிசோதித்தேன். காய்ச்சல் இல்லை. உடம்பிலும் தலையிலும் உள்ள சின்னம்மை முத்துகள் அனைத்தும் பொருக்கு நிலையில் உள்ளன. புதிய முத்துகள் இல்லை. 14.02.2025 முதல் பள்ளிக்குச் செல்லத் தகுதியானவர்.’ என்ன நோய், இன்று என்ன பார்த்தார், எந்த நாளிலிருந்து போகலாம், மூன்றும் இருக்கின்றன. வெறுமனே ‘ஃபிட்’ என்று எழுதிய தாளில் இதில் ஒன்றுமே தெரியாது. கோடு போட்ட தாளில் மெடிக்கல் ஷாப் முத்திரை குத்தியதைக்கூட நான் வாங்கியிருக்கிறேன். வாங்கி, திருப்பியும் கொடுத்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டை மட்டும் சிலர் இணைப்பார்கள். அதில் நோயும் தேதியும் இருக்கும், சந்தோஷம். ஆனால் அது நோய் வந்ததற்கான தாள். பள்ளி கேட்பது நோய் அடங்கியதற்கான தாள். அதே சீட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போனால் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அம்மை போட்டால் டாக்டரிடம் போகாத குடும்பங்கள் இன்னும் நிறைய. வாசலில் வேப்பிலை சொருகி, தாளிப்பு நிறுத்தி, இளநீரும் கஞ்சியுமாக வைத்திருந்து, மூன்று தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, பள்ளி கேட்கிறதே என்று சான்றிதழுக்காக மட்டும் டாக்டர் முன்னால் உட்காருவார்கள். “ஏழு நாளா உங்ககிட்டதான் காட்டினோம்னு போட்டுக் குடுங்க டாக்டர்” என்று கேட்பார்கள். எந்த ஒழுங்கான டாக்டரும் அப்படிப் பின்தேதி போட்டு எழுத மாட்டார், எழுதவும் கூடாது. அவர் எழுதக்கூடியது வேறு: இந்தத் தேதியில் முத்து தெரிந்ததாகப் பெற்றோர் சொல்கிறார்கள், இன்று நான் பார்க்கும்போது சின்னம்மை ஆறிய பொருக்குகள் உள்ளன, புது முத்து இல்லை, பள்ளிக்குப் போகலாம். பள்ளிக்கு இது தாராளமாகப் போதும். சிகிச்சை பார்த்தாரா இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை, இன்றைய நிலையைத்தான் கேட்கிறோம். இதைச் சொன்னால் பல அம்மாக்களுக்கு முகம் தெளிந்துவிடும். (டாக்டரிடம் போகாமல் இருப்பது சரி என்று சொல்லவில்லை. மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் விட்டு மறுபடி வந்தாலோ, முத்தைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தாலோ தண்ணீர் ஊற்றும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது.)

தண்ணீர் ஊற்றும் கணக்கும் பொருக்குக் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப் போகும் என்பது என் அனுபவம். முத்து வாடியது தெரிந்த பிறகுதான் பாட்டிமார் முதல் தண்ணீருக்கே நாள் பார்ப்பார்கள். இந்தப் பெண்ணுக்கே டாக்டர் வெள்ளிக்கிழமை போகலாம் என்று எழுதியும், மூன்றாம் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமைதான் என்று பாட்டி சொல்லிவிட்டதால் திங்கட்கிழமை வந்தாள். ஒரு நாள் பள்ளி போனது, அவ்வளவுதான். அப்பா கடிதத்தில் ஒன்றையும் மாற்றி எழுதவில்லை. டாக்டர் சொன்ன நாள் சான்றிதழில் இருக்கிறது, அனுப்பிய நாள் கடிதத்தில் இருக்கிறது, இரண்டும் வேறாக இருப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. பிந்தினால் பரவாயில்லை, முந்தினால்தான் கேள்வி வரும்.

பொருக்கு முழுக்க உதிர்ந்தால்தான் சேர்ப்போம் என்று அடம்பிடிக்கும் பள்ளிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த விதி பெரியம்மைக்குப் பொருத்தமானது. பெரியம்மையில் பொருக்கிலும் உயிருள்ள கிருமி இருந்தது. கடைசிப் பொருக்கு உதிரும்வரை நோயாளியைத் தனியாக வைத்திருந்தார்கள். இந்தியாவில் அந்த நோய் 1975க்குப் பிறகு இல்லை. 1980இல் உலகம் முழுக்க ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். நோய் போய்விட்டது, அதற்கான பயம் மட்டும் சின்னம்மையின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சின்னம்மையில் காய்ந்த பொருக்கு பரப்பாது. உதிரும்வரை காத்திருந்தால் ஏழெட்டு நாளில் திரும்ப வேண்டிய பிள்ளை மூன்று வாரம் வீட்டில் இருக்கும். பரீட்சை நேரத்தில் அது சின்ன விஷயம் அல்ல.

அதே சமயம், முகத்தில் காய்ந்துவிட்டது என்று அவசரப்படுவதும் நடக்கிறது. சின்னம்மை அலை அலையாக வரும். முதலில் வந்தவை பொருக்காகியிருக்கும்போது பிந்தி வந்தவை இன்னும் நீர் கோத்துக்கொண்டிருக்கும். முகமும் வயிறும் சீக்கிரம் கண்ணில் படும். தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், அக்குளில், முதுகின் கீழ்ப்பக்கம் பார்க்க மறந்துவிடுவார்கள். பகல் வெளிச்சத்தில் முடியை வகுந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு முத்து பளபளவென்று நீரோடு இருந்தாலும் இன்னும் நாள் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு வந்தால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். சிவப்புத் தடிப்பு சில வந்து, நீர் கோக்காமலே, பொருக்கும் கட்டாமலே மறைந்துவிடலாம். அங்கே பொருக்குக்குக் காத்திருந்து பயனில்லை. ஒரு முழு நாள் புதிதாக ஒன்றும் வரவில்லையா என்று பார்ப்பார்கள். இந்தத் தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதனால் எங்கள் பள்ளியில் போட்ட பிள்ளைகள் குறைவு.

தட்டம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் இந்தக் கணக்கு செல்லாது, அவற்றுக்கு வேறு நாட்கள். அதனால்தான் ‘அம்மை’ என்று மொட்டையாக எழுதாமல் எந்த அம்மை என்று எழுதச் சொல்கிறேன்.

திரும்பி வரும் நாள் கடிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வியாழக்கிழமைக் காலை போன். திரும்பும்போது பிள்ளையால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆபத்து முந்தின வாரமே நடந்து முடிந்திருக்கும். அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் முதல் ஓரிரு நாளில்தான் முடியும். ஆசிரியைகளில் கர்ப்பமாக இருப்பவருக்குச் சின்னம்மை இதற்குமுன் வந்திருக்கவில்லை என்றால் அவர் உடனே தன் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி நோய்த்தொடர்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள் போட்டால்தான் உதவும். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை பள்ளியில் இருந்தாலும் அப்படியே. பத்து நாள் கழித்துக் கடிதத்தில் தெரிவித்தால் அந்தத் தகவலை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அன்று அந்த போன் வந்ததும் பெற்றோர் குழுவில் பள்ளி ஒரு செய்தி போட்டது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை, 13 முதல் 26 வரை உங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ முத்தோ தெரிந்தால் அனுப்ப வேண்டாம், தெரிவியுங்கள் என்று. எந்தப் பிள்ளை என்று போடவில்லை, போடவும் கூடாது. ஆனால் வெறும் பெஞ்சைப் பார்த்து எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள், அது வேறு. 19ஆம் தேதி இரவு சண்டை வந்தபோது தலைமையாசிரியர் அதே செய்தியை மறுபடி எடுத்துப் போட்டு, “நாங்கள் அன்றே சொன்ன தேதிக்குள்தான் வந்திருக்கிறது” என்று ஒரு வரி மட்டும் எழுதினார். குழு அடங்கிவிட்டது. கேட்ட அந்த அப்பாவே மறுநாள் என்னிடம் வந்து, “என் பையன அனுப்பலாமா டீச்சர், அவனுக்கு 26 வரைக்கும் பாக்கணுமா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தம்பிக்கு 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை முத்து தெரிந்தது. அன்று சாயங்காலமே போன் வந்துவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் அவனுடைய கடிதம் வந்தது. தேதிகள் மட்டும் மாறி, வாசகம் அப்படியே இருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் என்னிடம் காட்டினார். கடிதம் கச்சிதம். சான்றிதழைப் பார்த்ததும்தான் இரண்டு பேரும் சிரித்தோம். கிளினிக்கில் அக்காவின் தாளையே வைத்து டைப் அடித்திருக்கிறார்கள். பெயரும் வயதும் தேதியும் மாற்றியாகிவிட்டது, அங்க அடையாளம் என்ற இடத்தில் மட்டும் ‘இடது கன்னத்தில் மச்சம்’ என்று அக்காவின் மச்சம் அப்படியே உட்கார்ந்திருந்தது. டாக்டர் பையனைப் பார்த்தது நிஜம்தான், தாளில்தான் தப்பு. பையனை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, திருத்தி எழுதி டாக்டர் சுருக்கொப்பம் போட்டு நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்று அப்பாவிடம் தாளைக் கொடுத்தனுப்பினோம். மறுநாள் வந்துவிட்டது. வலது முழங்காலில் தழும்பு, சைக்கிளில் விழுந்ததாம்.